ஒரு நிமிட ஷோரீல்

ஒவ்வோர் ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வெளியாகிற மே மாதத்தில், மும்பைப் புறநகர் ரயில்களிலும் நிலையத்து வாசல்களிலும் ஒரு வகை விளம்பரம் தவறாமல் முளைக்கும். நெருப்பைக் கக்கும் டிராகன் ஒன்று, வானத்தில் பறக்கும் ஓர் ஆள், அடியில் ‘அனிமேஷன், கேமிங், விஎஃப்எக்ஸ் – நூறு சதவீத வேலைவாய்ப்பு’ என்று கொட்டை எழுத்தில் ஒரு வாக்குறுதி. அதற்கும் அடியில், கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் தெரியும் அளவில், ‘வேலைவாய்ப்புக்கு உதவி’ என்று இருக்கும். கொட்டை எழுத்தை நம்பிப் பணத்தைக் கட்டிவிட்டு, படிப்பு முடிந்த பிறகு பொடி எழுத்தைப் படித்த குடும்பங்கள் நம் சங்கத்திலேயே சில உண்டு.

கம்பாசிட்டிங் எனப்படும் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதே ஊரில் வேலை பார்த்து வருகிறேன். அதில் பாதிக் காலம், புதிதாக வேலை கேட்டு வருகிற இளைஞர்கள் அனுப்பும் ஷோரீல்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் என்னிடம் இருந்தது. பொங்கல் விழாவிலும் பொதுக்குழுவிலும் பெற்றோர்கள் என்னை ஓரமாக அழைத்துப்போய்க் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “சார், இதுக்கு ஸ்கோப் இருக்கா?” நின்ற இடத்தில் சொல்லக்கூடிய பதில் இதற்கு இல்லை. அனிமேஷன், கேம், விஎஃப்எக்ஸ் என்று விளம்பரத்தில் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் அவை மூன்று தனித்தனித் தொழில்கள். மும்பையில் புதியவர்களை அதிகமாக எடுப்பது விஎஃப்எக்ஸ் என்பதால் அதைப் பற்றி விரிவாகவும், மற்ற இரண்டைப் பற்றிச் சுருக்கமாகவும் சொல்கிறேன்.

முதல் வேலை எது?

சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. இந்த ஒவ்வொரு படத்துக்கும் ஃபிரேம் என்று பெயர். கதாநாயகன் ஐந்து வினாடி ஓடிவருகிற ஒரு ஷாட் என்றால் 120 ஃபிரேம்கள். அவன் பின்னால் ஒரு நகரம் இடிந்து விழ வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடிகிற நகரத்தை ஒரு குழு கம்ப்யூட்டரில் செய்யும். ஆனால் அந்த நகரம் கதாநாயகனுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டுமானால், 120 ஃபிரேம்களிலும் அவன் உருவத்தை விளிம்பு பிசகாமல் கத்தரித்துத் தனியே எடுத்தாக வேண்டும். இந்தக் கத்தரிக்கும் வேலைக்கு ரோட்டோ என்று பெயர். அவனைத் தாங்கிப் பிடித்த கம்பியையும், ஓரத்தில் தெரிகிற மைக்கையும், தவறி வந்துவிட்ட மின்கம்பத்தையும் அழித்து, அவை இல்லாவிட்டால் அங்கே என்ன தெரிந்திருக்குமோ அதை வரைந்து வைப்பது பெயிண்ட். படம்பிடித்த காமிரா எப்படி நகர்ந்தது என்று கண்டுபிடித்து, அதே அசைவைக் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் காமிராவுக்கும் கொடுப்பது மேட்ச்மூவ். இவை எல்லாம் முடிந்த பிறகு, எல்லாத் துண்டுகளையும் ஒன்றாகப் பொருத்தி, ஒரே காமிரா ஒரே நேரத்தில் எடுத்ததுபோலத் தோன்றச் செய்வது கம்பாசிட்டிங்.

ஹாலிவுட் படங்களின் ரோட்டோவும் பெயிண்டும் மேட்ச்மூவும் பெருமளவில் மும்பைக்கும் சென்னைக்கும் ஹைதராபாத்துக்கும் பெங்களூருக்கும் வருவதற்குக் காரணம் ரகசியமல்ல. ஆள் கையால், பொறுமையாக, ஃபிரேம் ஃபிரேமாகச் செய்ய வேண்டிய வேலை இது. ஒரு ஆள் ஒரு நாள் செய்வதற்கு இத்தனை என்று விலை பேசப்படுகிறது. அந்த விலை இங்கே குறைவு. நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற முதல் வேலையும் அநேகமாக இந்த மூன்றில் ஒன்றுதான். விளம்பரத்தில் இருப்பது டிராகன். வேலையில் காத்திருப்பது, டிராகனுக்கு முன்னால் நிற்கிற ஆளின் தலைமுடி. இதைப் படிப்பில் சேருவதற்கு முன்பே தெரிந்துகொள்கிற பையன் ஏமாறுவதில்லை. வேலையில் சேர்ந்த பிறகு தெரிந்துகொள்கிறவன்தான் மூன்றாம் மாதம் ராஜினாமாக் கடிதம் எழுதுகிறான்.

சம்பளத்தையும் மறைக்காமல் சொல்லிவிடலாம். நான் பார்த்த அளவில், பயிற்சியாளராகச் சேருகிறவர்களுக்கு மாதம் பன்னிரண்டாயிரத்திலிருந்து இருபதாயிரம் வரை கிடைக்கிறது. ஐந்தாறு ஆண்டு அனுபவமும், கம்பாசிட்டிங்குக்கு மாறும் திறமையும் வந்த பிறகு ஐம்பதாயிரத்தைத் தாண்டுகிறவர்கள் உண்டு. ரோட்டோவிலேயே நின்றுவிடுகிறவர்களுக்கு அந்த ஏற்றம் இருப்பதில்லை.

இரண்டு நிமிடம் நாற்பது வினாடி

டோம்பிவிலியில் இருக்கும் நம் அங்கத்தினர் ஒருவரின் மகன். பெயர் வேண்டாம். பி.காம். முடித்துவிட்டு, ஒரு பயிற்சி நிலையத்தில் மூன்றரை லட்ச ரூபாய் கட்டி ஒன்றரை வருடம் விஎஃப்எக்ஸ் படித்தான். படிப்பு முடிந்து ஏழு மாதமாகியும் எந்த ஸ்டூடியோவிலிருந்தும் அழைப்பு வரவில்லை. 2022-ஆம் ஆண்டு தீபாவளி சமயத்தில் அப்பாவும் மகனும் என் வீட்டுக்கு வந்தார்கள்.

“ராத்திரி பகல்னு பார்க்காம கம்ப்யூட்டர் முன்னாலதான் சார் உக்காந்திருக்கான். கட்டின பணம் அவ்வளவுதானா?” என்றார் அப்பா.

ஷோரீலைப் போடச் சொன்னேன். இரண்டு நிமிடம் நாற்பது வினாடி ஓடியது. முதல் பதினெட்டு வினாடிகள் அவன் பெயர் நெருப்பு எழுத்துகளில் சுழன்றுகொண்டிருந்தது. பிறகு ஒரு கார் வெடித்தது. பிறகு வி.டி. நிலையத்துக்கு எதிரே ஓர் இயந்திர மனிதன் நடந்துபோனான். அதன் பிறகு பச்சைத் திரைக்கு முன்னால் ஆடுகிற பெண் ஒருத்தி, பாரிஸ் நகரத்தில் ஆடுவதுபோல மாற்றப்பட்டிருந்தாள். காதைப் பிளக்கும் இசை தொடக்கம் முதல் கடைசி வரை.

தேர்வு செய்கிறவர் மேசையில் ஒரே நாளில் ஐம்பது அறுபது ரீல்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் அவர் கொடுப்பது முதல் இருபது வினாடி. அதில் ஏதாவது பிடித்தால்தான் மிச்சம். இந்தப் பையனோ அதில் பதினெட்டைத் தன் பெயருக்கே செலவழித்துவிட்டான். கார் வெடிப்பு, இணையத்திலிருந்து இறக்கி ஒட்டிய வெடிப்பு. இயந்திர மனிதனும் இறக்கியதே. அந்த நடனப் பெண்ணை நான் அதற்கு முன்பே குறைந்தது முப்பது ரீல்களில் பார்த்திருக்கிறேன். நிலையம் எல்லா மாணவர்களுக்கும் பயிற்சிக்காகக் கொடுக்கும் ஷாட் அது. ஒரே பாட்டுக்கு ஆடிய அந்தப் பெண் பாரிஸிலும் ஆடியிருக்கிறாள், செவ்வாய்க் கிரகத்திலும் ஆடியிருக்கிறாள்.

“இதுல நீ உன் கையால செஞ்சது எது தம்பி?” என்று கேட்டேன்.

“எல்லாம் சேர்த்துக் கம்போஸ் பண்ணினது நான்தான் அங்கிள்.”

“ரோட்டோ பண்ணத் தெரியுமா?”

“தெரியும் அங்கிள். அது ரொம்ப சாதாரணம்னு ரீல்ல போடல.”

சிக்கல் அங்கேதான் இருந்தது. ஸ்டூடியோ தேடுவது அந்தச் சாதாரணத்தைச் சுத்தமாகச் செய்யத் தெரிந்த ஆளை. அவன் காட்டியதோ, பத்து ஆண்டு அனுபவமுள்ளவர்கள் செய்ய வேண்டிய வேலையைப் பாதி வேக்காட்டில். அந்த ரீலைப் பார்த்து அவனை எந்தப் பிரிவில் உட்காரவைப்பது என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

புதிய ரீல் ஒன்று தயாரிக்க மூன்று மாதம் திட்டமிட்டோம். நான்கு ஷாட்கள் மட்டும், மொத்தம் எழுபது வினாடி. எல்லா ஷாட்களையும் அவனே செல்போனில் எடுக்க வேண்டும். அப்போதுதான் உலகத்தில் வேறு யாரிடமும் அந்த ஷாட் இருக்காது. செல்போனில் எடுப்பதில் ஒரு கண்ணி உண்டு. வெளிச்சம் மாறும்போதெல்லாம் போன் தானாகவே பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்கும். வினாடிக்கு இத்தனை ஃபிரேம் என்பதையும் சீராக வைத்துக்கொள்ளாது. எனவே பிரகாசத்தையும் ஃபோகஸையும் பூட்டிவைக்கிற, வினாடிக்கு 24 என்று நிலையாகப் பதிவுசெய்கிற ஒரு காமிரா ஆப்பைப் போட்டுக்கொண்டான். எடுத்ததை உடனே தனித்தனி ஃபிரேம்களாகப் பிரித்து, எண்ணிட்டு வைத்தான். ஸ்டூடியோக்களிலும் ஷாட்கள் இப்படி எண்ணிட்ட படங்களாகத்தான் வரும்.

முதல் ஷாட்டில் அவன் அக்கா மொட்டை மாடியில் ஈரப் புடவையை உதறிக் கொடியில் போடுகிறாள். ஐந்து வினாடி, 120 ஃபிரேம். அக்காவை முழுதாக ரோட்டோ செய்ய வேண்டும். முதல் முயற்சியில், தலையிலிருந்து கால்வரை ஒரே கோடாக வளைத்து வரைந்து, ஒவ்வொரு ஃபிரேமிலும் அந்தக் கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தியிருந்தான். நிறுத்திவைத்துப் பார்த்தால் ஒவ்வொரு ஃபிரேமும் சரியாகவே இருந்தது. ஓடவிட்டால் விளிம்பு முழுவதும் உலைநீர்போலக் கொதித்தது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, அசல் படத்தை அணைத்துவிட்டு, கத்தரித்த உருவத்தை மட்டும் கறுப்பின் மீது வெள்ளையாக வைத்து, முழு வேகத்தில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது. அசையாமல் இருக்க வேண்டிய தோளின் ஓரம் துடித்தால் வேலை தேறவில்லை.

அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது இரண்டு விஷயங்கள். உடம்பை எலும்பு மடங்குகிற இடங்களில் பிரித்துக்கொள்: தலை தனி, கழுத்து தனி, மேல்கை தனி, முன்கை தனி, உள்ளங்கை தனி, விரல் ஒவ்வொன்றும் தனி. ஒன்றன் மேல் ஒன்று சற்றே படியும்படி வரை. அப்போது ஒவ்வொரு துண்டும் அசைகிற விதம் எளிமையாகிவிடும். அடுத்தது, எல்லா ஃபிரேம்களிலும் கைவைக்காதே. கை மேலே போய்த் திரும்புகிற ஃபிரேம், கீழே வந்து நிற்கிற ஃபிரேம் என்று அசைவு திசைமாறும் இடங்களில் மட்டும் வடிவத்தைச் சரிசெய். இடைப்பட்டதை மென்பொருள் நிரப்பும். பிறகு நடுவில் ஒரு ஃபிரேமைப் பார். பிசகியிருந்தால் அங்கே மட்டும் திருத்து. முன்பு 120 இடங்களில் திருத்தியவன், மேல்கைக்கு இப்போது பதினான்கு இடங்களில் திருத்தினான். கொதிப்பு அடங்கிவிட்டது. புடவையை உதறும் வேகத்தில் அதன் ஓரம் மங்கலாகத் தெரிகிறதே, அதுதான் கடைசிவரை படுத்தியது. மங்கலின் வெளிவிளிம்பில் கோடு போட்டால் பின்னணி ஒட்டிக்கொண்டு வரும். உள்விளிம்பில் போட்டால் துணி வெட்டுப்படும். மங்கலின் நடுவில் கோட்டை வைத்து, அசைவுக்கேற்ற மங்கலை மென்பொருளைவிட்டுக் கொடுக்கச் சொல்ல வேண்டும். அந்த ஒரு ஷாட்டுக்கு ஒன்பது நாள் ஆயிற்று. ஸ்டூடியோவில் அனுபவமுள்ளவருக்கு மூன்று நாள் கொடுப்பார்கள்.

இரண்டாவது ஷாட்டில், மாடியிலிருந்து தெரியும் கேபிள் கம்பிகளையும் பக்கத்துக் கட்டடத்து டிஷ் ஆண்டெனாவையும் அழித்தான். ஆண்டெனா போன இடம் கண்ணுக்குத் தெரியவில்லை. அவனுக்கு ஒரே சந்தோஷம். திரையின் பிரகாசத்தைத் தாறுமாறாகக் கூட்டிக் காட்டினேன். சுற்றியுள்ள சுவர் முழுவதும் மணல்போல நுண்ணிய புள்ளிகள் நடுங்கிக்கொண்டிருக்க, ஒட்டுப்போட்ட இடம் மட்டும் அசையாமல் செத்துக் கிடந்தது. எந்தக் காமிராவில் எடுத்தாலும் படத்தில் இந்தப் புள்ளி நடுக்கம் இருக்கும். கிரெயின் என்பார்கள். ஒட்டின இடத்துக்கும் அதே அளவு கிரெயினைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். புதியவர்களின் பெயிண்ட் ஷாட்களில் நான் முதலில் தேடும் குறையும் இதுதான். தேடினால் பத்தில் ஏழெட்டில் கிடைத்துவிடும்.

மூன்றாவது ஷாட்டில், கையில் பிடித்து நடந்துகொண்டே எடுத்த படத்தில், மாடிச் சுவர்மேல் கம்ப்யூட்டரில் செய்த ஒரு பித்தளைக் குடத்தை வைத்தான். குடம் மிகச் சாதாரணம். அது சுவரில் வழுக்காமல் நிற்கிறதா என்பதே கேள்வி. இதை பிளெண்டர் என்ற இலவச மென்பொருளிலேயே செய்தான். காமிரா அசைவைக் கணக்கிட்டு முடித்ததும், கணக்கில் எவ்வளவு பிசகு என்று அது ஓர் எண்ணைக் காட்டும். அது ஒரு பிக்சலுக்குக் கீழே வரும்வரை விடவில்லை. நான்காவது ஷாட்டில், முதல் ஷாட்டில் கத்தரித்த அக்காவுக்குப் பின்னால் மதிய வானத்தை எடுத்துவிட்டு மழைமேகத்தை வைத்தான். மேகம் வைத்தால் போதாது. வெயிலில் நின்றவள் மேகத்துக்குக் கீழே நிற்பதுபோல அவள் மேலிருந்த வெளிச்சத்தையும், தரையில் விழுந்த நிழலின் அழுத்தத்தையும் குறைக்க வேண்டும். இதை அவன் நியூக் மென்பொருளில் செய்தான். ஸ்டூடியோக்கள் பயன்படுத்துவது அதைத்தான். சம்பாதிக்காமல் கற்றுக்கொள்கிறவர்களுக்கு அதன் இலவசப் பதிப்பு உண்டு; 1920-க்கு 1080 அளவுக்கு மேல் படம் வெளியே எடுக்க முடியாது என்ற வரம்பு ஷோரீலுக்கு ஒரு குறையே அல்ல.

ரீலில் ஒவ்வொரு ஷாட்டும் முதலில் முடிந்த நிலையில் வந்தது, பிறகு அசல், பிறகு செய்த படிகள், மறுபடி முடிந்த நிலை. முதல் மூன்று வினாடி பெயர், தொலைபேசி எண், ‘ரோட்டோ – பெயிண்ட்’ என்ற சொற்கள். கூடவே ஒரு பக்கத் தாள்: ஒவ்வொரு ஷாட்டிலும் அவன் செய்தது எது, எந்த மென்பொருள், எத்தனை நாள். இந்தத் தாளை அனுப்புகிறவர்கள் குறைவு. அனுப்புகிறவர்களை நாங்கள் மறப்பதில்லை.

அழைப்பு வந்த பிறகு

ஐந்து ஸ்டூடியோக்களுக்கு அனுப்பினான். மூன்றிலிருந்து பதிலே இல்லை. ஒன்றில் பிறகு பார்க்கலாம் என்றார்கள். ஐந்தாவதில் தேர்வுக்கு அழைத்தார்கள். தேர்வு என்றால் கேள்வித்தாள் அல்ல. அலுவலகத்திலேயே உட்காரவைத்து, ஒரு ஷாட்டைக் கொடுத்து, இரண்டு நாளில் ரோட்டோ செய்யச் சொல்வார்கள். ரீலை வேறு யாராவது செய்து கொடுத்தார்களா என்பது முதல் நாள் மதியமே தெரிந்துவிடும். 2023 மார்ச்சில் பதினைந்தாயிரம் சம்பளத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தான்.

இங்கே பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சில இடங்களில், வேலையில் சேர்த்துக்கொள்கிறோம், முதலில் மூன்று மாதப் பயிற்சிக்கு எழுபதாயிரம் கட்டுங்கள் என்பார்கள். அது வேலை அல்ல. இன்னொரு பயிற்சி நிலையம். வேறு சில இடங்களில் இரண்டு ஆண்டு விட்டுப்போகக் கூடாது என்று எழுதி வாங்குவார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன், நடுவில் விலகினால் கொடுக்க வேண்டிய தொகை எவ்வளவு என்பதை எழுத்தில் பாருங்கள். நடுவில் அவர்களே வேலையிலிருந்து நீக்கினால் என்ன ஆகும் என்றும் கேளுங்கள். அசல் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள்.

வேலையில் சேர்ந்த பிறகு வேறொரு சங்கடம் வரும். அது யாருக்கும் முன்கூட்டித் தெரிவதில்லை. ஸ்டூடியோவில் செய்கிற ஷாட்கள் அவனுடையவை அல்ல. படக் கம்பெனியின் சொத்து. படம் வெளிவந்து, ஸ்டூடியோ அனுமதி கொடுக்கும்வரை அவற்றை ரீலில் போட முடியாது. பல படங்களுக்கு அந்த அனுமதி வருவதே இல்லை. இரண்டு ஆண்டு ராப்பகலாக உழைத்த பையனிடம் காட்டுவதற்கு அந்த மொட்டை மாடிப் புடவைதான் இருக்கும். அதனால் வேலையில் இருக்கும்போதே ஆண்டுக்கு இரண்டு ஷாட்டாவது சொந்தமாகச் செய்துவைத்துக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமையிலும் வேலை இருக்கிற மாதங்களில் இது சொல்ல எளிது.

அமெரிக்காவில் மழை, அந்தேரியில் குடை

நம் டோம்பிவிலிப் பையன் சேர்ந்த இரண்டாம் மாதம், 2023 மே 2-ஆம் தேதி, ஹாலிவுட் கதாசிரியர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஜூலையில் நடிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். கதாசிரியர்கள் செப்டம்பர் கடைசியில் திரும்பினார்கள், நடிகர்கள் நவம்பரில். அந்த மாதங்களில் இங்கே வேலை நிற்கவில்லை. அதற்கு முன்பே படம்பிடித்து முடித்த ஷாட்கள் வந்துகொண்டுதான் இருந்தன. பையன் இரவு பத்து மணிவரை உட்கார்ந்தான். அப்பாவுக்குக் கவலை தீர்ந்தது. ஆனால் அந்த ஆறு மாதம் படப்பிடிப்பு நடக்காததன் விளைவு, படப்பிடிப்புக்குப் பிறகு வரவேண்டிய எங்கள் வேலைக்குப் பல மாதம் கழித்துத்தான் வந்து சேரும். 2024-இல் வந்து சேர்ந்தது. அவனுடைய ஒப்பந்தம் பிப்ரவரியில் முடிந்தபோது புதுப்பிக்கப்படவில்லை. ஐந்து மாதம் வீட்டில் இருந்தான்.

இந்தத் தொழில் இப்படித்தான் ஓடுகிறது என்பதற்குப் பெரிய உதாரணங்களே உண்டு. புதுச்சேரியில் தொடங்கும் கதை என்பதால் ‘லைஃப் ஆஃப் பை’ படம் நமக்கு நெருக்கமானது. அதன் புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹ்யூஸ் நிறுவனத்துக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும் கிளைகள் இருந்தன. 2013 பிப்ரவரியில் அந்தப் படத்துக்கு விஎஃப்எக்ஸ் ஆஸ்கர் கிடைத்தது. அதே பிப்ரவரியில், விழாவுக்குச் சில நாள் முன்பாக, அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்திருந்தது. பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் பல நாடுகளில் ஒரே சமயத்தில் சரிந்தது. அதன் பெங்களூர், மும்பை அலுவலகங்களில் இருந்த ஆயிரக்கணக்கானோர் திடீரென்று வேலையிழந்தார்கள். அவர்கள் ரீல் சரியில்லாதவர்கள் அல்ல. எங்களைவிடத் திறமைசாலிகள் பலர் அதில் இருந்தார்கள். ஷாட்டுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே விலை பேசி ஒப்புக்கொள்கிறார்கள். இயக்குநர் இருபது தடவை மாற்றச் சொன்னாலும் அதே விலை. லாபம் மெலிந்த தொழில் என்பதால் ஒரு படம் தள்ளிப்போனாலே பெரிய நிறுவனமும் ஆட்டம் காண்கிறது.

அதனால் இந்தத் தொழிலில் இருக்கிற குடும்பம் ஆறு மாதச் செலவுக்கான பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருக்க வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன். முதல் சம்பளம் வந்ததும் மகன் பெயரில் பைக் கடன் வாங்க வேண்டாம் என்று சொன்னதற்காக ஒருவர் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

நம் பையன் 2024 ஜூலையில் வேறொரு ஸ்டூடியோவில் பெயிண்ட் பிரிவில் சேர்ந்தான், இருபத்திரண்டாயிரம் சம்பளத்தில். ஹாலிவுட் வேலையோடு இந்திப் படங்களுக்கும் தெலுங்குப் படங்களுக்கும் வேலை செய்கிற இடம் அது. சம்பளம் அங்கே கொஞ்சம் தாமதமாக வரும். ஆனால் ஒரு பக்கம் வறண்டாலும் மறுபக்கம் ஓடிக்கொண்டிருக்கும்.

மற்ற இரண்டு

அனிமேஷன் வேண்டும் என்கிற பிள்ளைக்கு ரீலில் டிராகன் வேண்டாம். ஒரு பந்து குதிப்பது, கனமான பந்தும் லேசான பந்தும் வெவ்வேறாகக் குதிப்பது, ஓர் ஆள் மூட்டையைத் தூக்கும்போது உடம்பின் பாரம் எந்தக் காலுக்கு மாறுகிறது என்பது, இவை போதும். பார்க்கிறவர் கனத்தை உணர்கிறாரா என்பதுதான் பரீட்சை. கையால் வரைகிற பழக்கமும், ஆட்களை உற்றுப் பார்க்கிற பழக்கமும் இல்லாமல் இதில் இறங்குவது கஷ்டம்.

கேம் என்றால் விளையாடுவதில் உள்ள ஆர்வம் ஒரு தகுதியே அல்ல. அது எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்கிறது. புனேயிலும் பெங்களூரிலும் வெளிநாட்டு கேம் நிறுவனங்களின் ஸ்டூடியோக்கள் இருக்கின்றன. ஓவியம் பக்கம் போகிறவர்கள் ஒரு தெருவிளக்கையோ ஆட்டோவையோ செய்து, கேம் எஞ்ஜினுக்குள் வைத்து ஓடவிட்டு, அதன் கம்பிவலை அமைப்பையும் சேர்த்துக் காட்ட வேண்டும். வடிவமைப்பு பக்கம் போகிறவர்கள், எவ்வளவு சிறியதாக இருந்தாலும், முன்பின் தெரியாத ஒருவர் எடுத்து விளையாடக்கூடிய ஒரு கேமைக் கொண்டுவர வேண்டும். ரம்மி போன்ற பணம் வைத்து ஆடும் ஆப்களில் நல்ல சம்பளத்துக்கு ஆள் எடுத்தார்களே என்று சிலர் இன்னும் கேட்கிறார்கள். 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அந்த வகை விளையாட்டுகளைத் தடைசெய்துவிட்டது; அங்கே இருந்தவர்களில் பலர் இப்போது மற்ற கேம் கம்பெனிகளின் வாசலில் நிற்கிறார்கள்.

பணம் கட்டுவதற்கு முன்

பயிற்சி நிலையம் எதுவுமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தனியாக உட்கார்ந்து கற்கும் கட்டுப்பாடு எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்காது. கட்டணம் கட்டுவதற்கு முன்பு, வீட்டிலிருக்கும் கம்ப்யூட்டரில், இலவச மென்பொருளை வைத்து, கை அசைகிற ஐந்து வினாடியை ரோட்டோ செய்யச் சொல்லுங்கள். இரண்டு வாரம் கொடுங்கள். அது எப்படி வருகிறது என்பது முக்கியமல்ல; இரண்டாம் வாரமும் உட்கார்ந்திருக்கிறானா, உட்கார்ந்திருக்கிறாளா என்று மட்டும் பாருங்கள். பெண் பிள்ளைகள் இந்தப் பிரிவுகளில் நன்றாகவே வருகிறார்கள். படம் வெளியாகும் தேதி நெருங்கும்போது இரவு வேலை இருக்கும், வண்டி ஏற்பாடு உண்டா என்று மட்டும் ஸ்டூடியோவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு நிலையத்துக்குப் போங்கள். சுவரில் மாட்டியிருக்கிற புகைப்படங்களைப் பார்க்காமல், போன வருடம் படித்து முடித்த ஒரு வகுப்பின் பத்து ரீல்களைக் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் பொறுக்கி எடுத்த பத்து அல்ல, வரிசையாகப் பத்து. பத்திலும் ஒரே ஷாட்கள் இருக்கின்றனவா என்று பார்க்க உங்களுக்குத் தொழில் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பாடம் நடத்துகிறவர் கடைசியாக எந்த ஆண்டு ஸ்டூடியோவில் வேலை செய்தார் என்று கேளுங்கள். நியூக் சொல்லித்தருகிறார்களா, எத்தனை மாதம் என்று கேளுங்கள். கட்டணத்தைத் தவணையில் கட்டலாமா, நடுவில் நின்றால் எவ்வளவு திரும்ப வரும் என்பதை எழுதி வாங்குங்கள்.

பன்னிரண்டாம் வகுப்பிலேயே வரைகிற கை இருக்கும் பிள்ளைக்கு இன்னொரு வழியும் நம் ஊரிலேயே இருக்கிறது. பவாய் ஐ.ஐ.டி.யின் ஐ.டி.சி. டிசைன் கல்லூரியில் பி.டிஸ். பட்டத்துக்கு யூசீட் என்ற நுழைவுத் தேர்வின் மூலம் எடுக்கிறார்கள். அறிவியல், வணிகம், கலை என்று எந்தப் பிரிவில் படித்தவர்களும் எழுதலாம். தேர்வு ஜனவரியில் நடக்கிறது. விண்ணப்பம் அதற்கு முந்தைய அக்டோபரிலேயே வந்துவிடுகிறது. மே மாதத்தில் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு விசாரிக்க வருகிறவர்களுக்கு அந்த ஆண்டு தேர்வு முடிந்து நான்கு மாதமாகியிருக்கும்.